வராத பிள்ளையா, கூட்டி வராத பிள்ளையா? பல் வைத்தியர் கவனிக்க வேண்டியவை

பல் கிளினிக்குகளில் பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: 'நோயாளி வரவில்லை.' பெரியவர்களுக்கு அது சரியான வரிதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தானாக பஸ் ஏறி கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வர முடியாது. அந்தப் பிள்ளை வராமல் இருக்கவில்லை, யாரோ கூட்டி வரவில்லை. பிரித்தானியாவில் குழந்தைப் பல் வைத்தியர்கள் இப்போது இந்தச் சொல்லையே மாற்றி, 'கூட்டி வரப்படவில்லை' என்று எழுதுகிறார்கள். வரியை மாற்றினால் கேள்வியும் மாறுகிறது. 'ஏன் வரவில்லை' என்று பிள்ளையைப் பற்றிக் கேட்பதை விட்டு, 'யார் கூட்டி வர வேண்டும், அவருக்கு என்ன தடை' என்று கேட்கத் தொடங்குகிறோம். பல் புறக்கணிப்பு என்பதை விளங்கிக்கொள்ள நான் எப்போதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.

புதிதாகக் கிளினிக்குக்கு வரும் இளம் டொக்டர்மார் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை சூத்தைப் பல் இருந்தால் புறக்கணிப்பு என்று சொல்லலாம் என்பது. அப்படி ஓர் எண் இல்லை. ஒரு பல்லில் மட்டும் சூத்தை இருந்து, அதனால் மாதக்கணக்கில் இரவில் அழுது எழும்பும் பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை என்றால் அது புறக்கணிப்பாக இருக்கலாம். பத்துப் பல் போயிருந்தும், தெரிய வந்த அடுத்த கிழமையே தாய் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அது புறக்கணிப்பு இல்லை. சூத்தை ஒரு நோய். இனிப்புப் பாலைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தபடியே நித்திரையாக்குவது, பின்னேரம் முழுக்க ரொபியும் பிஸ்கட்டும், பற்பசை இல்லாமல் விரலால் தேய்ப்பது, இவையெல்லாம் அன்பான வீடுகளிலும் நடக்கிறது. நோயைக் கண்டவுடன் குற்றவாளியைத் தேடக்கூடாது.

புறக்கணிப்பு என்பது வேறு. பிள்ளைக்கு வலியோ சீழோ இருக்கிறது என்று பராமரிப்பவருக்குத் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்று விளங்கப்படுத்தியாயிற்று, சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இருந்தும் திரும்பத் திரும்ப அது செய்யப்படாமலேயே போகிறது, அதனால் பிள்ளையின் சாப்பாடும் நித்திரையும் படிப்பும் கெடுகிறது. இவை எல்லாம் சேர வேண்டும். அதனால்தான் ஒரே ஒரு முறை வாயைப் பார்த்துவிட்டு பெரும்பாலும் எதையும் தீர்மானிக்க முடியாது. காலத்தோடு பார்க்க வேண்டும். அடிபட்ட காயம் அப்படி இல்லை, அது ஒரே பார்வையிலேயே தெரியலாம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். இது எந்த ஒரு வீட்டின் கதையும் இல்லை, விளக்குவதற்காக நான் அமைத்த உதாரணம், ஆனால் இங்கே வேலை செய்யும் எவருக்கும் பழக்கமான சூழல்தான். பிள்ளைக்கு ஆறு வயது, முதலாம் வகுப்பு. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். பிள்ளை அப்பாவோடும் அப்பம்மாவோடும் இருக்கிறாள். பாடசாலைப் பல் சிகிச்சையாளர் வகுப்பில் எல்லாருடைய வாயையும் பார்த்தபோது இவளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று கிழமை கழித்து அந்தக் கடிதத்தோடு அப்பம்மா கூட்டி வருகிறார்.

இருபது பால்பல்லில் ஒன்பதில் சூத்தை. வலது பக்கத்து மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேலே முரசில் சிறிய சீழ்க் கொப்பளம், பக்கத்தில் கீழேயும் ஒன்று. பிள்ளை இடது பக்கத்தால் மட்டும் சப்புகிறாள். நிறை வயதுக்குக் குறைவு. என்ன சாப்பிட விருப்பம் என்று கேட்டால், 'சோற்றைத் தண்ணி ஊற்றிக் குழைச்சுத் தந்தால் சாப்பிடுவன்' என்கிறாள். ஆறு வயதுப் பிள்ளை ரொட்டியோ முறுக்கோ சொல்லாமல் குழைத்த சோற்றைச் சொன்னால், அந்த வாய் எவ்வளவு காலமாக நோகிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கேள்வியை நான் எந்தப் பிள்ளையிடமும் கேட்கத் தவறுவதில்லை, ஏனென்றால் 'நோகுதா' என்று கேட்டால் பல பிள்ளைகள் இல்லை என்று தலையாட்டும். நெடுநாள் வலியோடு இருக்கும் பிள்ளைக்கு வலி இல்லாத நிலை எப்படி இருக்கும் என்றே நினைவிருக்காது.

அப்பம்மா சொல்கிறார்: 'பால்பல்தானே டொக்டர், விழுந்து முளைக்கும். நொந்தால் கராம்பு வச்சு விடுறனான்.' இது புறக்கணிப்பா? இல்லை. அந்த மனிசி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருக்கிறார். பால்பல் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை என்பதும், அதன் வேரில் தேங்கும் சீழ் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லையே கெடுக்கும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வது எங்கள் வேலை. சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அன்றைக்கே சீழ் வைத்த பற்களில் ஒன்றைப் பிடுங்கி, மிச்சத்துக்கு நான்கு தவணை கொடுக்கிறோம். இரண்டாவது தவணைக்கு யாரும் வரவில்லை. இங்கேதான் முதல் பிழை நடப்பது வழக்கம்: பெயரை வெட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவது. அதைச் செய்யாமல் போன் எடுத்துக் கேட்டால், அப்பம்மாவின் பிரஷர் கிளினிக்கும் அதே நாள் என்று தெரிய வருகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லைதான், ஆனால் இரண்டு பேருக்குப் பஸ் காசும், நாட்கூலிக்குப் போகும் தகப்பனின் ஒரு நாள் சம்பளமும் சிகிச்சையின் விலைதான். சரி, இரண்டு கிளினிக்கையும் ஒரே நாளில் போட்டுக் கொடுக்கிறோம், ஒரே பஸ்ஸில் வந்து போகலாம். வகுப்பு ஆசிரியைக்கும் தெரியப்படுத்துகிறோம். மூன்றாவது தவணைக்கும் கூட்டி வரப்படவில்லை. தகப்பனுக்குப் போன் எடுத்தால், 'பாப்பம்' என்று வைத்துவிடுகிறார். அப்பம்மா தன்னுடைய கிளினிக்குக்கு மட்டும் வந்து போயிருக்கிறார்.

இப்போது படம் மாறுகிறது. தடையை நாங்கள் நீக்கிய பிறகும் பிள்ளை வரவில்லை. இதற்கு மேல் இது பல் கிளினிக் தனியாகச் சமாளிக்கும் விடயம் இல்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், வீட்டுக்குப் போய்ப் பார்க்கக்கூடியவர் அவர். பாடசாலைச் சுகாதாரத்தைப் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, இவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லி, வேறு எங்கேயாவது இதே பிள்ளையைப் பற்றிக் கவலை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒரு கிளினிக்குக்குச் சின்ன விடயமாகத் தெரிவது, ஆசிரியை கண்ட பசியோடும் பக்கத்து வீடு கேட்ட அழுகையோடும் சேர்ந்தால் முழு உருவம் எடுக்கும். இந்தப் படி தண்டிப்பதற்கு இல்லை. வீட்டுக்கு உதவி தேவையா என்று பார்ப்பதற்கு. பெரும்பாலான பிள்ளைகளின் விடயம் இந்தப் படியிலேயே சீராகிவிடும்.

இந்தப் பிள்ளைக்குச் சீராகவில்லை. அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை வலது கன்னம் கண் வரை வீங்கி, காய்ச்சலோடு வருகிறாள். வீக்கம் தொடங்கி நான்கு நாள். வீட்டில் பனடோல் கொடுத்திருக்கிறார்கள். மேல் பல்லின் சீழ் கன்னத்துக்குள் பரவியிருக்கிறது. இது விடுதியில் மறிக்க வேண்டிய நோய்.

இந்த நேரத்தில் எல்லாருடைய கண்ணும் வீக்கத்தில்தான் போகும். வீங்காத பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. பிள்ளை நாற்காலியில் ஏறும்போதே நெற்றி, கன்னம், கண்ணிமை, தாடை மூலை, கழுத்து என்று ஒரு சுற்று. தலைமுடியை ஒதுக்கிக் காதின் முன்பக்கம், பிறகு காதை மெல்ல மடித்துப் பின்பக்கம். அதற்குப் பிறகு உதடு, உதட்டைத் தூக்கி உள்ளே, நாக்கு, அண்ணம். கடைசியாகத்தான் பல். பத்துச் செக்கன் கூடுதலாகும், அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைக்கும் செய்தால் யாரையும் சந்தேகப்பட்டுச் செய்வதாகவும் இராது.

இவளுடைய இடது காதின் மடலில் முன்பக்கம் ஒரு நீலக் கண்டல், மடித்துப் பார்த்தால் பின்பக்கமும் அதே உயரத்தில் இன்னொன்று. இடது கன்னத்தின் சதையில் மங்கலாக இரண்டு கோடுகள், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, நடுவில் ஒரு விரல் அகல இடைவெளி.

விழுந்தெழும்பும் பிள்ளைகளுக்குக் கண்டல் வரும்தான், ஆனால் அது எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடங்களில் வரும்: நெற்றி, மூக்கு, நாடி, முழங்கால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம். பக்கவாட்டில் விழுந்தால் தோளும் மண்டையும் முதலில் நிலத்தில் படும், நடுவில் காதும் கழுத்தும் தப்பிவிடும். அதனால் காதில் கண்டல் வருவது விழுந்த கதையோடு லேசில் பொருந்தாது. காதின் இரு பக்கமும் எதிரெதிராகக் கண்டல் இருந்தால், இரண்டு விரல்களுக்கு நடுவில் காது அகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அதாவது பிடித்து முறுக்கியிருக்கிறார்கள். கன்னத்துச் சமாந்தரக் கோடுகள் அறையின் அடையாளம். விரல் பட்ட இடத்தில் இல்லாமல், விரல்களுக்கு நடுவில் இரத்தம் தள்ளப்பட்டுச் சிறு நாளங்கள் வெடிப்பதால் அந்தக் கோடு விழும். காதை முறுக்குவது எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் 'கண்டிப்பு' என்ற பெயரில் நடப்பது எனக்குத் தெரியும். கண்டல் விழும் அளவுக்கு ஒரு பிள்ளையின் காதை முறுக்குவதை நான் கண்டிப்பு என்று ஏற்க மாட்டேன்.

இப்படி ஒன்றைக் கண்டால் அடையாளத்துக்கும் கதைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'இது எப்படி வந்தது?' என்று சாதாரணமாக, திறந்த கேள்வியாகக் கேட்கலாம். அப்பம்மா படியில் விழுந்தது என்கிறார். பிறகு வந்த தகப்பன் கதவில் அடிபட்டது என்கிறார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையிடம் 'அப்பா அடிச்சவரா?' என்று கேட்கவே கூடாது. பதிலை நாங்களே வாயில் வைத்துவிட்டால், பின்னால் நீதிமன்றத்தில் அந்தப் பிள்ளையின் சொல்லுக்குப் பெறுமதி குறைந்துவிடும். விசாரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேறு இருக்கிறார்கள். பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், அவள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். 'ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கண்டல் மாதிரித் தெரிவதெல்லாம் கண்டல் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு முதுகிலும் இடுப்பிலும் பிறப்பிலேயே நீலச் சாம்பல் நிறத் தோல் படை இருப்பது மிகச் சாதாரணம். அது நாட்கணக்கில் நிறம் மாறாது, அதனால் வேறுபடுத்தலாம். இரத்தம் உறையாத நோய்களிலும் இரத்தப் புற்றுநோயிலும் சின்னத் தட்டலுக்கே கண்டல் வரும், முரசாலும் இரத்தம் கசியும். அதனால் இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். தோல் கிருமித் தொற்றின் வட்டப் புண், சிகரெட் சுட்ட காயம் மாதிரி இருக்கும். இன்னொன்று: கண்டலின் நிறத்தைப் பார்த்து இது இத்தனை நாள் பழையது என்று கணக்குச் சொல்லக்கூடாது, அந்தக் கணக்கு நம்பத்தக்கதில்லை என்று தெளிவாகியிருக்கிறது. நீலம், மஞ்சள் என்று கண்டதை எழுதலாம். நாளை எழுதக்கூடாது.

மேலுதட்டைத் தூக்கினால் நடுவில் முரசோடு சேர்க்கும் ஒரு மெல்லிய சவ்வு தெரியும். அது கிழிந்திருந்தால் பயந்துவிடுவார்கள் பலர். தத்தித் தத்தி நடக்கப் பழகும் பிள்ளை முகம் அடிபட விழுந்தாலும் அது கிழியும், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் இன்னும் தவழவே தொடங்காத கைக்குழந்தைக்கு அது கிழிந்திருந்தால் குழந்தை தானாக அங்கே அடிபட வழியில்லை. அழுகையை அடக்க வாயைப் பொத்தியிருக்கலாம், கரண்டியையோ போத்தலையோ பலவந்தமாகத் திணித்திருக்கலாம். அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பாமல் அன்றைக்கே விடுதியில் மறிக்கச் சொல்ல வேண்டும். ஒரே காயம், பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்பதைப் பொறுத்து இரண்டு அர்த்தம்.

சரி, இனி அறிவிப்பது. எங்களைத் தடுக்கும் எண்ணம் ஒன்றுதான்: 'நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது, ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிடுவேனோ.' நிச்சயப்படுத்துவது பல் வைத்தியரின் வேலை இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. யார் செய்தார் என்று எங்களுக்குத் தெரியத் தேவையில்லை, எங்கள் உதாரணத்தில் அது வீடா வேறு இடமா என்பதுகூட இன்னும் தெரியாது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டுமென்றே அடிப்பதையும் துன்புறுத்துவதையும் மட்டுமில்லை, புறக்கணிப்பதையும் கைவிடுவதையும் சிறுவர் கொடுமை என்றே சொல்கிறது. சூத்தைப் பல்லைப் பற்றிக் கதைப்பதற்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அந்த 'புறக்கணிப்பதையும்' என்ற சொல்லைத்தான் காட்டுவேன். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவானது. அதன் 1929 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் காசில்லாமல் எடுக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குள் என்றால் வழி லேசு. எங்கள் பிள்ளைக்கு வீக்கமே விடுதியில் மறிக்கப் போதுமான காரணம், அதனால் பெற்றோரோடு வாக்குவாதப்படத் தேவையில்லை. அவளை விடுதிக்கு அனுப்பும்போது கடிதத்தில் பல்லோடு சேர்த்துக் காதையும் கன்னத்தையும் எழுதி, கடிதத்தை மட்டும் நம்பாமல் குழந்தை வைத்திய நிபுணருக்கு நேரில் அல்லது போனில் சொல்ல வேண்டும். அவர் சட்ட வைத்திய அதிகாரியை அழைப்பார், ஆஸ்பத்திரிப் பொலிஸுக்குப் போகும், நன்னடத்தை உத்தியோகத்தர் வருவார், பிறகு எல்லாரும் ஒரு மேசையில் இருந்து இந்தப் பிள்ளை எங்கே பாதுகாப்பாக இருக்கும் என்று கதைப்பார்கள். தனியார் கிளினிக்கில் தனியாக இருப்பவருக்கு அந்த மேசை இல்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்தார்களா என்று அன்றைக்கே உறுதிப்படுத்த வேண்டும். சேரவில்லை என்றால் 1929, அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவு. 'போகச் சொன்னேன்' என்பதோடு நிறுத்துவதுதான் நான் கண்ட பிழைகளில் மோசமானது. அறிவிக்கப் போவதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்வதுதான் பொதுவாக நேர்மை. ஆனால் சொன்னவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் அல்லது வீட்டில் அவளுக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலில் பிள்ளை பாதுகாப்பாக விடுதியில் சேரட்டும்.

அதற்கு முன் எழுத வேண்டியதை எழுதிவிட வேண்டும், மறுநாள் நினைவிலிருந்து எழுதுவது அரைகுறையாகத்தான் இருக்கும். இவளுக்கு எழுதுவது இப்படி: திகதி, நேரம், கூட்டி வந்தவர் யார். 'இடது காது மடல், முன்பக்கம், நீலக் கண்டல், 12 மில்லிமீற்றருக்கு 8. பின்பக்கம் அதே மட்டத்தில், 10 க்கு 7. இடது கன்னம், இரண்டு சமாந்தரக் கோடுகள், நீளம் 35 மில்லிமீற்றர். அப்பம்மா: படியில் விழுந்தது. தகப்பன்: கதவில் அடிபட்டது. பிள்ளை: பதில் இல்லை.' பக்கத்தில் முகத்தின் கோட்டுப் படம் ஒன்றில் இடங்களைக் குறிக்க வேண்டும். பிறகு தவணைகளின் வரலாறு: எந்தத் திகதி கொடுத்தோம், எந்தத் திகதி போன் எடுத்தோம், என்ன பதில் வந்தது. 'அடிக்கப்பட்டிருக்கிறாள்' என்று எழுதக்கூடாது. 'சொல்லப்பட்ட காரணத்தோடு காயம் பொருந்தவில்லை' என்று எழுதலாம். இந்த வரலாறு இல்லாவிட்டால் அன்றைய வீக்கம் ஒரு சாதாரணப் பல் நோய்தான், மூன்று மாதத்து ஏடு இருப்பதால்தான் அது வேறொன்றாகத் தெரிகிறது.

அறிவித்தால் உடனே தகப்பன் சிறைக்கு, பிள்ளை இல்லத்துக்கு என்று நினைக்கிறார்கள். பல விடயங்களில் அப்படி முடிவதில்லை. இந்த மாதிரியான வீட்டில், அம்மம்மாவோ சின்னம்மாவோ பொறுப்பெடுக்க முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள், உத்தியோகத்தர் ஒருவர் ஒழுங்காக வீட்டுக்குப் போய்வருவார், நீதிமன்றம் வேண்டுமானால் நிபந்தனையோடு ஒப்படைக்கும். அந்த நிபந்தனைகளில் பல் சிகிச்சையை முடிப்பதையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி அந்த மேசையில் கேட்கலாம், நான் கேட்கச் சொல்வேன், ஏனென்றால் மற்ற எல்லாருக்கும் பெரிய பிரச்சினைகள் இருக்கும்போது வாயை மறந்துவிடுவார்கள். மிச்சச் சூத்தைப் பற்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, முதல் நிலையான கடைவாய்ப் பல் இந்த வயதில்தான் பின்னால் முளைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த தவணைத் துண்டில் பிள்ளையின் பெயருக்குக் கீழே, கூட்டி வரப் பொறுப்பானவரின் பெயரையும் போன் இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.